மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு டியூஷன் விளம்பரம்

வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள் சமூக ஊடகத்தில் இறங்கலாம் என்று முடிவு செய்ததும் முதலில் ஓர் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தொடங்குகிறார்கள். கணக்கு போட்டுக் காட்டும் வீடியோக்கள் ஏறுகின்றன. லைக் விழுகிறது, ஃபாலோயர்கள் கூடுகிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு பார்த்தால் புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். அவர்களும் பழைய மாணவன் ஒருவனின் அம்மா சொல்லி வந்தவர்கள்.

வீடியோ பார்ப்பவர் பிள்ளை, பீஸ் கட்டுபவர் பெற்றோர். அந்த வீடியோ கோயம்புத்தூரிலும் கன்னியாகுமரியிலும் ஓடலாம். சாயங்காலம் சைக்கிளில் வந்து, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிகிற பிள்ளைதான் மாணவராகச் சேர முடியும். நேரில் நடக்கும் டியூஷனுக்கு எல்லை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஆகவே திட்டம் போடும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா, அம்மா கைபேசிக்கு நம் பெயர் எப்படிப் போய்ச் சேரும்?

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். திருச்சி உறையூரில், வீட்டு மாடியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லித் தரும் ஒரு ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் வீதம் இரண்டு பேட்ச். மாதம் 1,000 ரூபாய் பீஸ். இப்போது 12 பேர் படிக்கிறார்கள், இன்னும் 8 பேருக்கு இடம் இருக்கிறது. ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதம் படித்தால் ஒரு மாணவரிடமிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரும். இவருடைய தேவை ஆயிரம் ஃபாலோயர் இல்லை, எட்டுப் பெற்றோர்.

முதல் வேலை: எண்ணும் வரைபடமும்

தமிழ்நாட்டில் பெற்றோர் தினமும் தவறாமல் திறக்கும் ஆப் வாட்ஸ்அப். திட்டத்தின் மையமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். டியூஷனுக்கென்று தனி சிம் ஒன்றை வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை நிறுவிக்கொள்ளலாம். இலவசம்தான். அதன் முகப்பு விவரத்தில் என்ன பாடம், எந்த வகுப்பு, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா, ஸ்டேட் போர்டா சிபிஎஸ்இயா, எந்தப் பகுதி, எத்தனை மணி என்பதை எழுத வேண்டும். ‘சிறந்த பயிற்சி, தனிக் கவனம்’ என்று எழுதுவதால் பயன் இல்லை. ‘பத்தாம் வகுப்புக் கணக்கு, ஸ்டேட் போர்டு, இரண்டு மீடியமும், ஒரு பேட்சில் 10 பேர், உறையூர்’ என்றால் படித்தவுடனே தன் பிள்ளைக்குப் பொருந்துமா என்று பெற்றோருக்குத் தெரிந்துவிடும்.

இந்த ஆப்பில் டியூஷன் ஆசிரியருக்கு மிகவும் உதவக்கூடியது, நாம் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதில். பெற்றோர் அலுவலகம் முடிந்து வந்து விசாரிப்பது சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு. அதே நேரத்தில்தான் ஆசிரியை வகுப்பில் இருப்பார். எட்டரைக்கு அவர் பதில் போடுவதற்குள் அந்த அம்மா இன்னும் இரண்டு இடங்களில் கேட்டு முடித்திருப்பார். ஐந்து முதல் எட்டு மணி வரை இப்படி ஒரு பதில் தானாகப் போகும்படி அமைத்துவிடலாம்: ‘வணக்கம். இப்போது வகுப்பில் இருக்கிறேன். இரவு 8.15 மணிக்குப் பதில் தருகிறேன். பிள்ளை படிக்கும் வகுப்பு, பள்ளி, மீடியம், நீங்கள் இருக்கும் பகுதி ஆகியவற்றை அனுப்பி வையுங்கள்.’ விசாரித்தவர் காத்திருப்பார். ஆசிரியை போனை எடுக்கும்போது தேவையான விவரமும் கையில் இருக்கும்.

இரண்டாவது, கூகுள் மேப். ‘மேத்ஸ் டியூஷன் நியர் மீ’ என்று தேடும் பெற்றோர் ஏற்கெனவே டியூஷன் வைக்க முடிவு செய்துவிட்டவர். அவர் கண்ணில் படாமல் போவது பெரிய இழப்பு. கூகுள் பிசினஸ் பக்கம் இலவசமாகத் தொடங்கலாம். பல நேரங்களில் இடத்தைச் சரிபார்க்க ஒரு வீடியோ கேட்பார்கள். தெரு, வாசலில் உள்ள பெயர்ப்பலகை, உள்ளே வகுப்பு நடக்கும் அறை ஆகியவை அதில் தெரிய வேண்டும். வாசலில் சின்னதாக ஒரு போர்டு மாட்டிவிட்டு வீடியோ எடுப்பது நல்லது. மாணவர் வீட்டுக்கே போய்ச் சொல்லித் தருபவர் முகவரியை மறைத்து, போகும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். ஆன்லைனில் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பக்கம் கிடையாது. நேரில் சந்திக்கும் தொழிலுக்குத்தான் கூகுள் இதைத் தருகிறது.

பக்கம் வந்ததும் இப்போது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் கருத்து எழுதச் சொல்லலாம். பதிலுக்குப் பீஸில் சலுகை தருகிறேன் என்று சொல்லக் கூடாது, அது கூகுள் விதிக்கு எதிரானது. ‘ஐந்து ஸ்டார் போடுங்க’ என்பதற்குப் பதிலாக, ‘பையன்கிட்ட என்ன மாறியிருக்குன்னு ரெண்டு வரி எழுதுங்க சார், பேர் போட வேண்டாம்’ என்று கேட்டால் அடுத்த பெற்றோருக்குப் பயன்படும் வரிகள் வரும்.

பெற்றோர் எதை ஃபார்வர்ட் செய்வார்கள்?

ஏற்கெனவே இருக்கும் 12 பெற்றோர்தான் இந்த ஆசிரியையின் உண்மையான விளம்பரதாரர்கள். ஒவ்வொருவரும் பள்ளி வாட்ஸ்அப் குழுவிலோ, அபார்ட்மென்ட் குழுவிலோ, சொந்தக்காரர் குழுவிலோ இருப்பார்கள். அங்கே யாராவது ‘நல்ல மேத்ஸ் டியூஷன் தெரியுமா?’ என்று கேட்டால், பத்து விநாடியில் அனுப்ப அவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அது ஒரே ஒரு படமாக இருப்பது நல்லது. பிடிஎஃப் என்றால் திறக்க மாட்டார்கள். வகுப்பு, மீடியம், நேரம், பேட்ச் அளவு, பீஸ், பகுதி, போன் எண் எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஃபார்வர்ட் ஆகும்போது கீழே எழுதிய வரிகள் உதிர்ந்துபோகலாம், படத்தில் உள்ள எண் போகாது. பீஸை ஏன் போட வேண்டும் என்று கேட்பார்கள். பீஸ் தெரிந்த பிறகும் அழைப்பவர்தான் சேரக்கூடியவர் என்பதால்தான்.

அடுத்தது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நம் எண்ணை அவரும், அவர் எண்ணை நாமும் சேமித்திருந்தால்தான் அவர் கண்ணில் படும். விசாரித்த ஒவ்வொருவரிடமும் ‘இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள்’ என்று முதல் பதிலிலேயே சொல்ல வேண்டியது இதற்காகத்தான். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலும் நம் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும். விசாரித்தவர்களை எல்லாம் ஒரு குழுவில் சேர்ப்பது தவறு. ஒருவர் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பீஸ் பேரமும் பொதுவில் நடக்கும்.

ஸ்டேட்டஸில் எதைப் போடுவது? பெற்றோர் தெரிந்துகொள்ள விரும்புவது, ஆசிரியைக்குக் கணக்கு தெரியுமா என்பதை அல்ல. தன் பிள்ளை எங்கே மார்க் விடுகிறான், அதை இவரால் பிடிக்க முடியுமா என்பதைத்தான். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளையே எடுத்துக்கொள்வோம். 100 மதிப்பெண்ணில் 14 ஒரு மார்க் கேள்விகளுக்கு, 20 இரண்டு மார்க் கேள்விகளுக்கு, 50 ஐந்து மார்க் கேள்விகளுக்கு. மீதி 16, எட்டு மார்க் கேள்விகள் இரண்டுக்கு. அவற்றில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்றால், இந்த இரண்டு கேள்விகள் மட்டுமே அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தந்துவிடும். கணக்கில் தடுமாறும் பிள்ளையின் அம்மாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம். இதை ஒரு படத்தில் எழுதிப் போட்டால் அவர் பத்திரப்படுத்துவார், தங்கைக்கும் அனுப்புவார்.

அதையே 40 விநாடி வீடியோவாகவும் எடுக்கலாம். வரைபடத் தாளும் கையும் மட்டும் தெரிந்தால் போதும். கோடு சரியாகப் போட்டுவிட்டு, x அச்சில் 1 செ.மீ எத்தனை அலகு என்ற அளவுத் திட்டத்தை எழுத மறந்து மார்க் இழப்பது பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் தவறு. ‘வரைபடம் போட்டு முடித்ததும் பிள்ளையின் நோட்டில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்’ என்று பெற்றோரை நோக்கிப் பேச வேண்டும். கணக்கே தெரியாத அப்பாவும் அன்று இரவு நோட்டைத் திறந்து பார்ப்பார். இல்லை என்றால் யாரைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

வாரத்துக்கு இப்படி இரண்டு போதும். சாப்பாடு முடிந்து பெற்றோர் போனை எடுக்கும் இரவு எட்டரை மணிக்குப் போடலாம். அதே வீடியோவை ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றிவைக்கலாம். பெயரைக் கேள்விப்பட்ட பெற்றோர் அங்கே வந்து சரிபார்க்கட்டும். அதற்குமேல் அங்கே நேரம் செலவழிக்கத் தேவை இல்லை.

விசாரிப்பு கைநழுவும் இடம்

‘பத்தாவதுக்கு பீஸ் எவ்வளவு மேடம்?’ என்று ஒரு செய்தி வருகிறது. பலர் இதற்கு ‘நேரில் வாங்க, பேசிக்கலாம்’ என்று பதில் போடுகிறார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. இதே கேள்விக்கு இப்படியும் பதில் சொல்லலாம்:

‘வணக்கம் மேடம். மாதம் 1,000 ரூபாய். திங்கள் முதல் வெள்ளி, 5.30 முதல் 6.45 வரை. பத்துப் பேர்தான், நானே எடுக்கிறேன். சனிக்கிழமை ஒரு டெஸ்ட், திருத்திய தாளை உங்களுக்கு அனுப்புவேன். பொண்ணு எந்த ஸ்கூல்? கடைசி டெஸ்டில் கணக்கில் எவ்வளவு?’

‘38 மேடம். ஒரு மார்க் கேள்வியெல்லாம் சரியா போடுறா. பெரிய கணக்குதான் விட்டுட்டு வந்துடுறா.’

‘அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு புதன்கிழமை டெமோ கிளாஸுக்கு அனுப்புங்க மேடம். எங்கே நிற்கிறாள்னு பார்த்துச் சொல்றேன்.’

பீஸ், நேரம், யார் எடுக்கிறார், எத்தனை பேர் ஆகியவைதான் பெற்றோர் மனதில் உள்ள கேள்விகள். கேட்பதற்கு முன்பே அவற்றுக்கு விடை வந்துவிட்டது. அதன் பிறகு பேச்சு அந்தப் பிள்ளையின் தாளுக்குத் திரும்பியது. முதல் பத்தியை ஆப்பில் உள்ள விரைவுப் பதிலில் சேமித்துவைத்தால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டாம். டெமோ முடிந்த அன்று இரவே, பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று இரண்டு வரி எழுதி அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். சேர்க்கிறீர்களா என்று அதில் கேட்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து ஒருமுறை கேட்கலாம். மூன்றாவது முறை கேட்டால் தொந்தரவு.

எப்போது பேசுவது?

டியூஷன் தேடும் எண்ணம் ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருக்காது. தமிழ்நாட்டில் அது நான்கு முறை எழும். ஏப்ரல் கடைசியிலிருந்து பள்ளி திறக்கும் ஜூன் வரை முதல் அலை. இடைத்தேர்வு மார்க் வந்ததும் இரண்டாவது. செப்டம்பர் காலாண்டுத் தேர்வுத் தாள்கள் கைக்கு வரும் அக்டோபரில் மூன்றாவது. அரையாண்டு முடிந்து ஜனவரியில், பொதுத்தேர்வு பயத்தில் நான்காவது.

ஒவ்வொன்றிலும் பெற்றோரின் மனநிலை வேறு. மே மாதம் வருபவர் நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பார். அவருக்கு பேட்ச் அளவையும் நேரத்தையும் சொல்ல வேண்டும். அக்டோபரில் வருபவர் கையில் ஒரு மார்க் இருக்கிறது, அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஜனவரியில் வருபவருக்கு முழுப் பாடத்தையும் முடித்துத் தருகிறேன் என்று சொன்னால் அது பொய். எந்தப் பகுதிகளில் மார்க் எடுக்க முடியும் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பேட்ச் நிரம்பிவிட்டால் ‘இடம் இல்லை, அடுத்த ஆண்டுப் பட்டியலில் வைக்கிறேன்’ என்று சொல்லி, அந்த எண்ணுக்கு ஆப்பில் ஒரு லேபிள் போட்டுவைத்தால் ஏப்ரலில் முதல் செய்தி அவருக்குப் போகும்.

பணம் கொடுத்து விளம்பரம்

மே கடைசியில் மட்டும் ஃபேஸ்புக்கில் சிறிய விளம்பரம் ஒன்று போட்டுப் பார்க்கலாம். பதிவின் கீழே இருக்கும் பூஸ்ட் பொத்தானை அவசரமாக அழுத்துவதால்தான் பணம் வீணாகிறது. நோக்கம் என்ற இடத்தில் வாட்ஸ்அப் செய்தி வருவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், லைக்கை அல்ல. இடம் என்ற இடத்தில் ‘திருச்சிராப்பள்ளி’ என்று ஊர்ப் பெயர் போட்டால் துவாக்குடி வரை போய்விடும். வரைபடத்தில் வீட்டின் மேல் புள்ளி வைத்து மூன்று கிலோமீட்டர் வட்டம் போட்டால் தில்லைநகரும் புத்தூரும் அதற்குள் வந்துவிடும். வயதை 33 முதல் 50 வரை வைக்கலாம். அதற்குமேல் சல்லடை போட வேண்டாம். இவ்வளவு சின்ன வட்டத்தில் ஆட்களே மிஞ்ச மாட்டார்கள்.

நாளுக்கு 200 ரூபாய் வீதம் 14 நாள் என்றால் 2,800 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 3,304. யார் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிய, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தனி வாட்ஸ்அப் இணைப்பு வைத்துக்கொள்ளலாம். 91க்குப் பிறகு பத்து இலக்க எண், பிறகு ஒரு குறிப்புச் சொல்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=10-Maths-FB
https://wa.me/91XXXXXXXXXX?text=10-Maths-Map
```

முதல் இணைப்பு ஃபேஸ்புக் பக்கத்துக்கு, இரண்டாவது கூகுள் பக்கத்துக்கு. அழுத்துபவரின் செய்திப் பெட்டியில் அந்தச் சொல் தயாராக நிற்கும். அவர் அனுப்பியதும் வழி தெரிந்துவிடும். விளம்பரத்தில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால், விளம்பரம் வழியாக வந்த செய்தி என்பது உரையாடலிலேயே தெரியும்.

செய்யக் கூடாதவை

சென்டம் வாங்கிய பிள்ளையின் போட்டோவும் மார்க் ஷீட்டும்தான் நம் ஊர் டியூஷன் விளம்பரத்தின் வழக்கம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை, அவரது தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பிள்ளையின் 98ஐப் போட்டால், 41 எடுத்த பிள்ளையின் அம்மா மனதில் ‘நாளைக்கு என் பொண்ணு மார்க்கும் இப்படி வெளியே வருமோ’ என்ற எண்ணம்தான் எழும். பெயரையும் முகத்தையும் மறைத்து, திருத்திய தாளின் ஒரு பகுதியை மட்டும் காட்டினாலே வேலை தெரியும்.

‘90க்கு மேல் நிச்சயம்’ என்ற உறுதியும் வேண்டாம். 50 பேருக்கு மேல் படிக்கும் பயிற்சி மையங்கள் இப்படி உத்தரவாதம் தருவதையும், ஒப்புதல் இல்லாமல் மாணவர் படத்தைப் பயன்படுத்துவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடுத்திருக்கிறது. 20 பேருக்கு எடுப்பவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். ஆனாலும் நிறைவேற்ற முடியாத வாக்கை மூன்று கிலோமீட்டருக்குள் கொடுத்தால், அது உடைந்த செய்தியும் அதே மூன்று கிலோமீட்டருக்குள்தான் சுற்றும். பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது.

பள்ளிப் பெற்றோர் எண்களை யாரிடமாவது விலைக்கு வாங்கி மொத்தமாகச் செய்தி அனுப்புவதும் ஆபத்து. பலர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் வாட்ஸ்அப் எண்ணையே முடக்கிவிடும். பழைய பெற்றோரின் தொடர்பும் அதோடு போய்விடும்.

நோட்டு சொல்லும் கணக்கு

எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு நோட்டு போதும். தேதி, எப்படித் தெரிந்தது, பகுதி, டெமோவுக்கு வந்தாரா, சேர்ந்தாரா என்று ஐந்து பத்திகள். நம் உறையூர் உதாரணத்தில் மே, ஜூன் முடிவில் 26 விசாரிப்புகள் என்று கொள்வோம். பெற்றோர் சொல்லி வந்தவர்கள் 11 பேர், அவர்களில் 8 பேர் டெமோவுக்கு வந்து 5 பேர் சேர்ந்தார்கள். கூகுள் மேப் வழியாக 6 பேர், டெமோவுக்கு 4, சேர்ந்தது 2. விளம்பரம் பார்த்து 9 பேர், டெமோவுக்கு 3, சேர்ந்தது ஒருவர். எட்டு இடமும் நிரம்பியது.

அந்த ஒருவருக்கு ஆன செலவு 3,304 ரூபாய். அவர் ஆண்டு முழுக்கப் படித்தால் நஷ்டம் இல்லை. ஆனால் முதல் ஐந்து பேருக்குச் செலவு ஒரு படமும் சில ஸ்டேட்டஸ்களும்தான். அடுத்த ஆண்டு எதில் உழைப்பைக் கூட்டுவது என்பது இதிலேயே தெரிகிறது. கோளாறு எங்கே என்பதையும் நோட்டு காட்டும். விசாரிப்பே வரவில்லை என்றால் பெயர் போய்ச் சேரவில்லை. விசாரிப்பு வந்து டெமோவுக்கு ஆள் வரவில்லை என்றால் பதிலிலோ நேரத்திலோ பீஸிலோ குறை. டெமோவுக்கு வந்தவர்கள் சேரவில்லை என்றால் குறை வகுப்பில் இருக்கிறது, அதை எந்த விளம்பரத்தாலும் சரிசெய்ய முடியாது.

இந்த வாரமே தொடங்க நினைப்பவர் பக்கமோ வீடியோவோ தேடிப் போக வேண்டாம். இப்போது படிக்கும் பிள்ளைகளின் சனிக்கிழமைத் தாளைத் திருத்தி, எங்கே மார்க் போனது என்று இரண்டு வரி எழுதி அவரவர் பெற்றோருக்குத் தனியாக அனுப்புங்கள். ‘யாராவது கேட்டால் இதை அனுப்புங்க’ என்று அந்த ஒரு படத்தையும் கூடவே கொடுங்கள்.